தொடக்க எண் மைனஸாக இருந்தால் சதவீத மாற்ற வரைபடம் ஏன் தலைகீழாகிறது?

வளைகோடு எழுதியது:

ஐந்து பிரிவுகளின் செயல்பாட்டு லாபத்தைப் போன வருடத்தின் இதே காலாண்டோடு ஒப்பிட்டு ஒரு பட்டை வரைபடம் போடுகிறேன். எண்கள் லட்சத்தில். மைனஸ் என்றால் இழப்பு. கடைசிப் பத்தி `(C2-B2)/B2` என்ற வழக்கமான சூத்திரம் கொடுத்தது.

| பிரிவு | போன வருடம் | இந்த வருடம் | சதவீத மாற்றம் |
|---|---|---|---|
| அ | 40 | 46 | 15% |
| ஆ | -20 | 10 | -150% |
| இ | -20 | -40 | 100% |
| ஈ | 0.5 | 6 | 1100% |
| உ | -100 | 10 | -110% |

இழப்பிலிருந்து மீண்டு வந்த ஆ, உ இரண்டும் சிவப்பில் கீழே தொங்குகின்றன. இழப்பு இரட்டிப்பான இ பச்சையில் மேலே நிற்கிறது. ஈ பிரிவின் பட்டை மட்டும் வரைபடம் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. அ பிரிவின் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. சூத்திரத்தை எங்கே திருத்துவது?

---

நேர்கோட்டான் எழுதியது:

செங்குத்து அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லை போலிருக்கிறது. பட்டை வரைபடத்தில் அச்சின் அடியை வெட்டினால் சின்ன வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியும். அச்சின் குறைந்தபட்ச மதிப்பை 0 என்று வைத்துப் பாருங்கள்.

---

தராசுமுள் எழுதியது:

நேர்கோட்டான் சொல்வது வேறொரு கோளாறு. இங்கே அச்சு பூஜ்ஜியத்திலேயே இருக்கிறது, பட்டைகளும் கணக்கு சொன்ன உயரத்தில்தான் நிற்கின்றன. கணக்குதான் தவறான கேள்விக்கு விடை சொல்கிறது.

சதவீத மாற்றம் என்றால் "தொடங்கிய அளவில் எத்தனை பங்கு கூடியது" என்று கேட்கிறோம். தொடங்கிய அளவு 40 என்றால் அதில் 6 என்பது 15%, இதில் குழப்பமில்லை. தொடங்கிய அளவு -20 என்றால் கேள்விக்கே பொருள் போய்விடுகிறது. ஆனாலும் எக்செல் வகுத்துக் கொடுத்துவிடும். மைனஸால் வகுத்ததும் விடையின் குறி புரண்டுவிடுகிறது. ஆ பிரிவு 30 முன்னேறியது, 30 ஐ -20 ஆல் வகுத்ததால் -150% வந்தது. இ பிரிவு 20 பின்வாங்கியது, -20 ஐ -20 ஆல் வகுத்ததால் +100% வந்தது. ஆகவே ஏதோ ஒரு பட்டை மட்டும் பிசகியதாக நினைக்க வேண்டாம். மைனஸில் தொடங்கிய பிரிவுகள் அனைத்தும் தலைகீழாகத்தான் நிற்கும்.

ஈ பிரிவின் சிக்கல் வேறு. அங்கே குறி சரிதான், அளவுதான் நம்பத்தகாதது. 0.5 லட்சம் என்ற தொடக்கத்தில் ஒரே ஒரு பில் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போய் 0.4 ஆகியிருந்தால் 1100% என்பது 1400% ஆகியிருக்கும். 0.6 ஆகியிருந்தால் 900%. பத்தாயிரம் இங்கும் அங்கும் போனதில் 500 சதவீதப் புள்ளி ஆடுகிறது. அதே பத்தாயிரம் அ பிரிவின் 40 லட்சத்தில் நடந்திருந்தால் 15% என்பது அரை சதவீதப் புள்ளிகூட நகராது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பத்தியின் அடியில் யாராவது `AVERAGE` போட்டிருக்கிறார்களா? இந்த ஐந்துக்கும் சராசரி 191% என்று வரும். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

---

பட்டறை எழுதியது:

இதுக்கு எப்பவோ தீர்வு இருக்கே. கீழே இருக்கிற எண்ணுக்கு மட்டும் `ABS` போடுங்க:

```
=(C2-B2)/ABS(B2)
```

ஆ +150%, உ +110%, இ -100%. எல்லாம் போக வேண்டிய திசையில போயிடும். டேப்லோவுல சதவீத வித்தியாசம்னு தயாரா இருக்கிற கணக்கைத் திறந்து பாருங்க, உள்ளே இதே `ABS` தான் இருக்கு. அவ்வளவு பெரிய மென்பொருளே அப்படித்தான் செய்யுது. வேலை முடிஞ்சுது.

---

தராசுமுள் எழுதியது:

டேப்லோவில் `ABS` இருப்பது உண்மை. திசை சரியாகிவிடும் என்பதும் உண்மை. ஆனால் பட்டை வரைபடத்தில் திசையை மட்டும் யாரும் படிப்பதில்லை, உயரத்தையும் ஒப்பிடுகிறார்கள். அந்த உயரம் இன்னும் பொய்தான். சொல்லப்போனால் முன்பைவிட ஆபத்தான பொய், ஏனென்றால் இப்போது பார்க்க ஒழுங்காகத் தெரிகிறது.

மூன்று பிரிவுகள் இந்த வருடம் 10 லட்சம் லாபத்தில் முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று -100 இலிருந்து வந்தது, இரண்டாவது -20 இலிருந்து, மூன்றாவது -1 இலிருந்து. உண்மையான முன்னேற்றம் முறையே 110, 30, 11. `ABS` சூத்திரம் சொல்வது 110%, 150%, 1100%. அதிகம் மீண்டவருக்குக் குட்டைப் பட்டை, கொஞ்சம் நகர்ந்தவருக்கு நெட்டைப் பட்டை. வரிசையே தலைகீழாகிவிட்டது.

உங்கள் ஐந்து பிரிவுகளிலும் இதைக் காணலாம். `ABS` போட்டு வரிசைப்படுத்தினால் ஈ, ஆ, உ, அ, இ. லட்சக் கணக்கில் வரிசைப்படுத்தினால் உ (110), ஆ (30), அ (6), ஈ (5.5), இ (-20). மேலே ஏறிய நான்கு பிரிவுகளில் மிகக் குறைவாக ஏறியது ஈ. அதுதான் முதலிடத்தில் நிற்கிறது.

---

கண்மணி_தரவு எழுதியது:

லாபத்தில் மட்டுமில்லை, வட்டி விகிதத்திலும் எனக்கு இதே தொல்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2022 ஜூலையில் -0.5% இலிருந்து 0% ஆனது. செப்டம்பரில் 0.75%, நவம்பரில் 1.5%. மூன்றும் வட்டி உயர்வுகள். சதவீத மாற்றம் போட்டால் முதல் உயர்வு -100%, இரண்டாவது `#DIV/0!`, மூன்றாவது +100% என்று வருகிறது. `ABS` போட்டால் முதலாவதும் மூன்றாவதும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. உண்மையில் ஒன்று அரைப் புள்ளி, மற்றது முக்கால் புள்ளி. இதற்கு என்ன போடுவது?

---

எண்ணோலை எழுதியது:

வட்டி ஏற்கெனவே சதவீதம். சதவீதத்துக்கு மேல் இன்னொரு சதவீதம் ஏற்றாமல், கழித்து வரும் சதவீதப் புள்ளியை நேராக வரைந்தால் போதும்: 0.5, 0.75, 0.75. உங்கள் கேள்வி அதோடு முடிந்தது.

விலைத் தொடரிலும் இது நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு -37.63 டாலரில் முடிந்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளில் 18.27, மறுநாள் 10.01. பாண்டாஸில் `pct_change()` ஓட்டினால் 20ஆம் தேதிக்கு சுமார் -306%, 21ஆம் தேதிக்கு சுமார் -127% வரும். 21ஆம் தேதி விலை 47.64 டாலர் ஏறியது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கோ இரண்டு நாளும் அடுத்தடுத்து சரிந்ததாகத் தெரியும்.

இதைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு இடத்தில் ஏமாறக்கூடும். அந்த இரண்டு மாற்றங்களையும் தொடர் பெருக்கலாக வைத்தால் (1 − 3.06) × (1 − 1.266), ஏறக்குறைய 0.548. 10.01 ஐ 18.27 ஆல் வகுத்தாலும் அதே 0.548. ஆகவே "மொத்தம் ஒத்துப்போகிறதே, கணக்கு சரி" என்று தோன்றும். இரண்டு விகிதங்களிலும் வந்த மைனஸ் குறிகள் பெருக்கலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால்தான் ஒத்துப்போகிறது. தனித்தனிப் பட்டைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

முதல் மாதத்தை 100 ஆக வைத்து வரையும் குறியீட்டு வரைபடத்தில் இன்னும் கவனம் தேவை. அந்த முதல் மாதம் மைனஸாக இருந்தால் கோடு முழுவதும் குப்புற விழும், பின்னால் வரும் நல்ல மாதங்கள் எல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஒரு புள்ளி பிசகினால் கண்ணில் உறுத்தும். மொத்தக் கோடும் புரண்டால் ஒழுங்கான சரிவு போலவே தெரியும்.

---

வளைகோடு எழுதியது:

`ABS` வேண்டாம் என்பது புரிகிறது. ஆனால் அறிக்கை கேட்பவர்கள் "எத்தனை சதவீதம்" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பத்தியை வெறுமையாக விட முடியாது. வரைபடத்தில் என்ன போடுவது, பத்தியில் என்ன எழுதுவது?

---

தராசுமுள் எழுதியது:

வரைபடத்தையும் பத்தியையும் பிரித்துவிடுங்கள். ஒரே எண் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று நினைத்ததால்தான் இந்தச் சிக்கல்.

வரைபடத்துக்கு: ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கிடைக்கோடு, அதில் போன வருட மதிப்புக்கு ஒரு வெற்றுப் புள்ளி, இந்த வருடத்துக்கு ஒரு நிறைந்த புள்ளி, இரண்டையும் இணைக்கும் கோடு. அச்சு லட்சத்தில். பூஜ்ஜியத்தில் ஒரு கனமான செங்குத்துக் கோடு. உ பிரிவு -100 இலிருந்து பூஜ்ஜியக் கோட்டைத் தாண்டி 10க்கு வந்தது ஒரே பார்வையில் தெரியும். இ அதே கோட்டிலிருந்து இன்னும் விலகிப் போனதும் தெரியும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எவ்வளவு நகர்ந்தது என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. சதவீதப் பட்டையில் முதல் இரண்டும் தொலைந்துபோகின்றன.

பத்திக்கு: சதவீதம் பொருள்படும் இடத்தில் மட்டும் சதவீதம், மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று சொற்களில். நிறுவனங்களின் நிதி அறிக்கைகளில் இத்தகைய கட்டங்களில் "பொருளற்றது" என்பதன் சுருக்கக் குறியைப் போட்டு விட்டுவிடுவார்கள். நான் அதைவிட ஒரு படி கூடுதலாகச் சொல்வதையே விரும்புகிறேன்:

```
=IFS(AND(B2<0,C2>=0),"இழப்பு நீங்கியது",
     AND(B2<0,C2<B2),"இழப்பு கூடியது",
     B2<0,"இழப்பு குறைந்தது",
     B2<$H$1,"தொடக்கம் மிகச் சிறிது",
     TRUE,TEXT((C2-B2)/B2,"0%"))
```

`H1` இல் நீங்கள் வைப்பது குறைந்தபட்சத் தொடக்க அளவு. உங்கள் ஐந்து பிரிவுகளில் அ மட்டுமே சதவீதம் பெறும், அதுவே சரி.

சதவீதம் கட்டாயம் வேண்டும் என்றால் வகுக்கும் எண்ணை மாற்றுங்கள். லாபம் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடும், விற்பனை ஆடாது. ஒவ்வொரு வருட லாபத்தையும் அந்தந்த வருட விற்பனையால் வகுத்து லாப விகிதம் எடுங்கள். பிறகு இரண்டு விகிதங்களையும் கழித்து சதவீதப் புள்ளியில் காட்டுங்கள். ஐந்து பிரிவுகளின் விற்பனையையும் போட முடியுமா?

---

வளைகோடு எழுதியது:

லட்சத்தில், போன வருடம் → இந்த வருடம்:
அ 320 → 368
ஆ 200 → 250
இ 160 → 160
ஈ 60 → 64
உ 500 → 500

---

தராசுமுள் எழுதியது:

உ: -20% இலிருந்து 2%, ஆக +22 புள்ளி. ஆ: -10% இலிருந்து 4%, +14. ஈ: 0.8% இலிருந்து 9.4%, சுமார் +8.5. இ: -12.5% இலிருந்து -25%, -12.5. எல்லாமே -12.5க்கும் 22க்கும் நடுவில் அடங்கிவிட்டன. எந்தப் பட்டையும் மற்றதை விழுங்கவில்லை, திசைகளும் சரி.

அ பிரிவைப் பாருங்கள். 12.5% இலிருந்து 12.5%, மாற்றம் பூஜ்ஜியம். அதன் லாபம் 15% கூடியதற்குக் காரணம் விற்பனை 15% கூடியது மட்டுமே. ஒவ்வொரு நூறிலும் மிஞ்சுவது அதேதான். சதவீதப் பத்தியில் குற்றமே இல்லாததாக இருந்த ஒரே பிரிவும் இப்போது வேறு கதை சொல்கிறது.

ஆனால் இது வேறொரு கேள்விக்கான விடை என்பதை மறக்க வேண்டாம். லாப விகிதம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும், எத்தனை லட்சம் நகர்ந்தது என்று சொல்லாது. ஆகவே புள்ளி வரைபடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. விற்பனையே இன்னும் தொடங்காத புதிய பிரிவு இருந்தால் இந்த வழியும் உதவாது, வகுக்கும் எண் மறுபடியும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

---

பட்டறை எழுதியது:

சரி, `ABS` பத்தாதுன்னு ஒத்துக்கிறேன். அப்போ இரண்டு வருஷத்தையும் சேர்த்து வகுக்கலாமே? வித்தியாசத்தை இரண்டோட `ABS` சராசரியால வகுத்தா விடை எப்பவும் -200%க்கும் +200%க்கும் நடுவுலதான் இருக்கும். ஈ பிரிவு 1100%லேர்ந்து 169% ஆயிடும். ஒரு பட்டை எல்லாத்தையும் விழுங்குற பிரச்சினை இல்ல. கணிப்புப் பிழை அளக்கிறவங்க இந்த மாதிரிதான் செய்றாங்க.

---

எண்ணோலை எழுதியது:

இரண்டு எண்களும் பிளஸில் இருக்கும்வரை அது நல்ல கருவி. ஈ பிரிவுக்கு நீங்கள் சொன்ன 169% சரியான கணக்கு. பூஜ்ஜியத்தைத் தாண்டும் இடத்தில்தான் உடைகிறது. ஆ பிரிவுக்குப் போட்டுப் பாருங்கள்: வித்தியாசம் 30, சராசரி 15, விடை 200%. உ பிரிவுக்கு: வித்தியாசம் 110, சராசரி 55, விடை 200%. -1 இலிருந்து 10 வந்தாலும் 200%தான். மைனஸிலிருந்து பிளஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் உச்சியில் போய் ஒட்டிக்கொள்வார்கள். தாண்டினார்களா இல்லையா என்பது மட்டும் தெரியும், அதற்கு "இழப்பு நீங்கியது" என்ற சொற்களே போதும்.

---

கண்மணி_தரவு எழுதியது:

தராசுமுள் கொடுத்த சூத்திரத்தில் `H1` இல் எவ்வளவு வைப்பது? எங்கள் அலுவலகத்தில் "மொத்த லாபத்தில் 5%" என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். வளைகோடுவின் எண்களில் போன வருட மொத்தமே -99.5. அதில் 5% என்றால் எல்லையே மைனஸாகிவிடுகிறதே.

---

தராசுமுள் எழுதியது:

ஆமாம், மொத்த லாபத்தை வைத்து எல்லை கட்டினால் அதே குழியில் மறுபடி விழுகிறோம். மொத்தத்தின் சதவீத மாற்றத்தைப் பாருங்கள்: -99.5 இலிருந்து 32, சூத்திரம் -132% என்று சொல்லும். 131.5 லட்சம் முன்னேற்றம் அது.

நான் எல்லையை அந்தந்தப் பிரிவின் வழக்கமான ஆட்டத்திலிருந்து எடுப்பேன். கடந்த எட்டுக் காலாண்டு லாபத்தை எடுத்து, சாதாரணமாக எவ்வளவு மேலும் கீழும் போகிறது என்று பாருங்கள். உதாரணத்துக்கு அது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க எண்ணை 3 கூட்டியும் 3 குறைத்தும் சதவீதத்தை மறுபடி போடுங்கள். அ பிரிவில் 43 இலிருந்து 46 என்றால் 7%, 37 இலிருந்து 46 என்றால் 24%. அகலமான வரம்புதான், ஆனால் கதை மாறவில்லை. ஈ பிரிவில் 3.5 இலிருந்து 6 என்றால் 71%. மறுபக்கம் தொடக்கம் -2.5 ஆகிவிடும், சதவீதமே இல்லை. வழக்கமான ஆட்டத்தில் குறியே மாறக்கூடிய தொடக்கத்துக்குச் சதவீதம் போடக் கூடாது. எல்லையை அந்த ஆட்டத்தின் இரண்டு மூன்று மடங்கில் வைப்பேன்.

---

எண்ணோலை எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. பிரிவுக்கு ஒரு எல்லை என்றால், ஒரே அட்டவணையில் 8 லட்சத் தொடக்கத்துக்குச் சதவீதம் இருக்கும், 12 லட்சத் தொடக்கத்துக்கு இருக்காது. படிப்பவர் ஏன் என்று கேட்பார். எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்து, அதை வரைபடத்தின் அடியில் ஒரு வரியில் எழுதுவதே நேர்மை. தவிர, எட்டுக் காலாண்டு எண் இல்லாத பிரிவுக்கு உங்கள் முறையை எப்படிப் போடுவது?

---

தராசுமுள் எழுதியது:

புதிய பிரிவுக்குப் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே எல்லை வைத்தால் அமைதியான சிறிய பிரிவுகள் காரணமின்றிச் சதவீதத்தை இழக்கும். எந்தப் பக்கம் போனாலும் எல்லையை எண்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பார்த்த பிறகு முடிவு செய்தால் பிடித்த பட்டை மட்டும் உள்ளே வந்துவிடும்.

---

நேர்கோட்டான் எழுதியது:

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். எக்செல் பக்கம் இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

`#DIV/0!` வருகிறதே என்று `IFERROR(...,0)` போடாதீர்கள். 0 இலிருந்து 6 லட்சம் வந்த பிரிவு "0%, மாற்றமில்லை" என்று பதிவாகிவிடும். காலியாகத் தெரியட்டும் என்று `""` போட்டாலும் அதே கதை, கோட்டு வரைபடம் அதை எழுத்தாகக் கருதிப் பூஜ்ஜியத்தில் புள்ளி வைக்கும். வரைவதற்குத் தனிப் பத்தி வைத்து அதில் `NA()` கொடுங்கள்:

```
=IF(B2>=$H$1,(C2-B2)/B2,NA())
```

அப்போது அந்த இடத்தில் புள்ளி வராது. ஆனால் கோட்டு வரைபடத்தில் இருபக்கப் புள்ளிகளையும் எக்செல் இணைத்துவிடக்கூடும். புதிய பதிப்புகளில் `#N/A` வைக் காலிக் கட்டமாகக் காட்டும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் கோடு விட்டுப்போகும். பாண்டாஸில் இருப்பவர்களுக்கு:

```
pct = s.pct_change().where(s.shift() > floor)
```

இன்னொன்று: தராசுமுள்ளின் சூத்திரத்தில் இழப்பு அப்படியே இருந்தால், -20 இலிருந்து -20 என்றால், "இழப்பு குறைந்தது" என்று வரும். மூன்றாவது வரிக்கு முன்னால் `AND(B2<0,C2=B2),"மாற்றமில்லை"` சேர்க்க வேண்டும்.

---

தராசுமுள் எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள். அந்த வரி கட்டாயம் வேண்டும்.

---

வளைகோடு எழுதியது:

புள்ளி வரைபடம் போட்டுவிட்டேன், தெளிவாக இருக்கிறது. ஒன்று மட்டும் பாக்கி. அடுத்த காலாண்டில் ஒரு பிரிவு 40 இலிருந்து -10க்குப் போகும் போலிருக்கிறது. தொடக்கம் பிளஸ், எல்லைக்கும் மேலே. சூத்திரம் -125% என்று எழுதும். அதை அப்படியே விடலாமா?

---

எண்ணோலை எழுதியது:

விடலாம். தொடக்கம் 40, அதைவிடக் கால் பங்கு கூடுதலாக இழந்திருக்கிறார்கள், 50 ஐ 40 ஆல் வகுத்தால் 125%. குறியும் அளவும் இரண்டும் சரி.

---

கண்மணி_தரவு எழுதியது:

கணக்கு சரி. ஆனால் 100%க்கு மேல் குறைவதைப் படிப்பவரால் உருவகிக்க முடியாது. எங்கள் அறிக்கையில் அந்த இடத்தில் "லாபத்திலிருந்து இழப்பு" என்று எழுதுகிறோம். இல்லாவிட்டால் -125% என்ற எண்ணை வைத்துக்கொண்டு "எவ்வளவு மீட்டால் பழைய நிலை?" என்று கேட்கிறார்கள். -10 இலிருந்து 40க்கு எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது, 50 லட்சம் என்றுதான் சொல்ல முடியும்.

---

எண்ணோலை எழுதியது:

அந்தக் காரணம் நியாயமானது. நான் இரண்டையும் போடுவேன்: "லாபத்திலிருந்து இழப்பு, 50 லட்சம் குறைவு". சதவீதத்தை அடைப்புக்குள் விடுவதா எடுப்பதா என்பது படிப்பவரைப் பொறுத்தது.